நாட்டுக்கூத்துக்கு நுழைவுச்சீட்டு விலை: 300 ரூபாயே போதுமா, கூட்டலாமா?

தருமபுரம் வாசகசாலைச் செயலாளர்

அனைவருக்கும் வணக்கம். பரந்தன்–முல்லைத்தீவு வீதியோரம் இருக்கும் எமது சனசமூக நிலையம், வாசகசாலையின் கூரையைத் திருத்துவதற்காக நாட்டுக்கூத்து ஒன்றை மேடையேற்றிப் பணம் சேர்த்து வருகிறது. முதல் தடவை நுழைவுச்சீட்டு 200 ரூபாய். 540 சீட்டுகள் விற்றன. இரண்டாம் தடவை 300 ரூபாய். 420 சீட்டுகளே விற்றன. இவை ஊகத் தொகைகள் அல்ல, சீட்டுப் புத்தகங்களில் எஞ்சிய அடித்துண்டுகளை எண்ணிப் பெற்றவை. இலவசமாக அழைக்கப்பட்டவர்கள் இவற்றுள் அடங்கவில்லை. இரு நிகழ்வுகளும் பாடசாலை மைதானத்தில் நடந்தன, ஆகவே இடத்துக்குத் தட்டுப்பாடு இருக்கவில்லை.

வரும் பங்குனியில் மூன்றாவது தடவை நடத்தவுள்ளோம். நிர்வாகக் குழுவில் ஒரு பகுதியினர் விலையைக் குறைத்துக் கூட்டத்தைப் பெருக்க வேண்டும் என்கிறார்கள், மறுபகுதியினர் 500 ரூபாய் ஆக்க வேண்டும் என்கிறார்கள். மிகக் கூடுதலான பணம் எந்த விலையில் கிடைக்கும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க வழி உண்டா?

முறிகண்டி வணிகன்

செயலாளர் அவர்களே, இதற்குப் பெரிய கணக்கு எதுவும் தேவையில்லை. ஒலிபெருக்கி, மின்பிறப்பாக்கி, மேடை, ஒப்பனை என்று ஆகும் செலவு முழுவதையும் கூட்டி, வரக்கூடிய ஆட்களின் தொகையால் வகுத்து, அதற்கு மேல் உங்களுக்கு வேண்டிய இலாபத்தை வையுங்கள். நான் கடையில் பொருளுக்கு விலை போடுவது அவ்வாறுதான். எல்லாச் செலவும் ஏறியிருக்கும் இக்காலத்தில் 500 ரூபாய் நியாயமான விலையே. சீட்டின் விலை கூடினால் சேரும் பணமும் கூடத்தானே வேண்டும்?

வவுனியா ஓய்வுநிலை ஆசிரியை

வணிகன் ஐயா கூறிய முறையில் ஒரு சிக்கல் உள்ளது. "வரக்கூடிய ஆட்களின் தொகை" என்று அவர் எடுத்துக்கொள்வதே விலையைப் பொறுத்து மாறுகிறது. செயலாளரின் அடித்துண்டுகள் காட்டுவது அதைத்தான். விலை 100 ரூபாய் ஏறியபோது 120 பேர் குறைந்துள்ளனர். இந்தக் குறைவு சீரானது, அதாவது ஒவ்வொரு ரூபாய் ஏற்றத்துக்கும் சராசரியாக 1.2 பேர் விலகுகிறார்கள் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்வோம். விலையை p எனக் கொண்டால் வருவோர் தொகை 780 − 1.2p ஆகும். 200ஐயும் 300ஐயும் இட்டுப் பார்த்தால் 540உம் 420உம் வரும்.

சேரும் பணம் என்பது விலையையும் ஆட்தொகையையும் பெருக்கி வருவது. விலை ஏற ஏற ஒரு காரணி வளர்கிறது, மற்றது தேய்கிறது. இரண்டிலும் p இருப்பதால் பெருக்கத்தில் p இன் வர்க்கம் வந்துவிடுகிறது.

```
R = p(780 − 1.2p) = 780p − 1.2p²
```

வர்க்கத்தின் குணகம் மறை ஆதலால் இதன் வரைபு கவிழ்ந்த பரவளைவு. பணம் பூச்சியமாகும் இடங்கள் இரண்டு: இலவசமாக விட்டால் p = 0, ஒருவருமே வராத விலையில் p = 650. பரவளைவு சமச்சீரானது, எனவே உச்சி இவ்விரண்டுக்கும் நட்டநடுவில், 325 ரூபாயில் இருக்கும். அப்போது வருவோர் 390 பேர், சேரும் பணம் 126,750 ரூபாய். ஒருவரும் வராத விலையின் அரைவாசியே உச்ச விலை. இலவசமாக விட்டால் வரக்கூடிய 780 பேரின் அரைவாசியே அங்கு வரும் கூட்டம். விலை ஏற ஏற வாங்குவோர் தொகை நேர்கோட்டில் குறையும் எதற்கும் இந்த அரைவாசிக் கணக்கு பொருந்தும்.

500 ரூபாய் வைத்தால் இதே கணக்கின்படி 180 பேரே வருவார்கள். கிடைப்பது 90,000 ரூபாய். சென்ற தடவை 300 ரூபாயில் கிடைத்ததே 126,000. ஆகவே சீட்டு விலை ஏறினால் பணமும் ஏறும் என்பது 325 வரைதான் மெய், அதற்கு அப்பால் பொய்.

சாதாரண தர மாணவி

வணக்கம் ஆசிரியை. எங்கள் வகுப்பில் இத்தகைய வினாவை வேறு வடிவில் செய்தோம். "விலை 10 ரூபாயால் கூடும் ஒவ்வொரு தடவையும் 12 பேர் குறைவர்" என்று எடுத்து நான் இவ்வாறு செய்தேன்.

```
(200 + 10x)(540 − 12x) = 108000 + 3000x − 120x²
```

உச்சம் x = 12.5 இல் வருகிறது. அப்படியானால் விலை 12 ரூபாய் 50 சதமா? அது எவ்வாறு பொருந்தும் என்று விளங்கவில்லை. விடை முழுவெண்ணாக வரவேண்டும் என்றும் தோழி ஒருத்தி சொல்கிறாள்.

வவுனியா ஓய்வுநிலை ஆசிரியை

மகளே, உமது சமன்பாடு சரியானது. x என்பது எத்தனை தடவை 10 ரூபாய் ஏற்றினோம் என்பதைச் சொல்லும் எண். விலையை அறிய அதை மீண்டும் 200 + 10x இல் இட வேண்டும். 200 + 125 = 325. நான் விடைத்தாள் திருத்திய காலத்தில், வர்க்கபூர்த்தியைப் பிழையின்றிச் செய்துவிட்டு இந்த ஒரு வரியை எழுதாமல் புள்ளி இழந்த பிள்ளைகள் ஏராளம்.

பத்துப் பத்தாகத்தான் விலை வைக்கலாம் என்றால் 12ஐயும் 13ஐயும் சோதித்துப் பாரும். 320 ரூபாயில் 396 பேர், 330 ரூபாயில் 384 பேர். இரண்டிலும் 126,720 ரூபாயே வரும். உச்சியிலிருந்து இரு பக்கமும் சம தூரத்தில் நிற்பதால் சமம். உச்சத்துக்கும் அவற்றுக்கும் உள்ள வேறுபாடு வெறும் 30 ரூபாய். இதைச் செயலாளரும் கவனிக்க வேண்டும், ஏனெனில் உச்சியை அண்டிய இடம் ஏறக்குறைய தட்டையானது. வர்க்கபூர்த்தி செய்து எழுதினால் அது வெளிப்படையாகத் தெரியும்.

```
R = 126750 − 1.2(p − 325)²
```

325இலிருந்து 25 ரூபாய் விலகினால் இழப்பு 750 ரூபாய். 125 ரூபாய் விலகினால் 18,750 ரூபாய். விலகல் ஐந்து மடங்கானால் இழப்பு இருபத்தைந்து மடங்கு. ஆகவே 300 என்றாலும் 350 என்றாலும் பணத்தில் பெரிய மாற்றம் இராது. வாசலில் சில்லறை தேடி அல்லற்படுவதைத் தவிர்க்க 325ஐ விட்டுவிடலாம். கூட்டம் கூடுதலாக வரவேண்டும் என்று விரும்பினால் 300, குறைந்த கூட்டத்தோடு ஒழுங்காக நடத்த விரும்பினால் 350.

முறிகண்டி வணிகன்

கணக்கு விளங்குகிறது, ஆனால் மனம் ஒப்பவில்லை. மின்பிறப்பாக்கி வாடகை சென்ற முறையைவிட 20,000 ரூபாய் ஏறினால் அந்தப் பணத்தை யார் தலையில் கட்டுவது? விலையை ஏற்றாமல் விட்டால் அது உங்கள் கூரைப் பணத்திலிருந்து போய்விடும் அல்லவா? பிரதேச சபைக்குச் செலுத்தும் களியாட்ட வரியும் இருக்கிறது.

வவுனியா ஓய்வுநிலை ஆசிரியை

போகத்தான் செய்யும், ஐயா. ஆனால் விலையை ஏற்றினாலும் அது திரும்பி வராது. வாடகை என்பது பத்துப் பேர் வந்தாலும் நானூறு பேர் வந்தாலும் மாறாத செலவு. அது பரவளைவு முழுவதையும் 20,000 ரூபாய் கீழே இறக்குகிறது. உச்சியை வலப்பக்கமோ இடப்பக்கமோ நகர்த்துவதில்லை. உச்சி 325இல் நிற்கும்போது நீங்கள் 375க்கு ஏற்றினால், வாடகை இழப்போடு மேலும் 3,000 ரூபாயை இழப்பீர்கள். சேரும் பணத்தில் நூற்று வீதமாகக் கழியும் வரியும் இத்தகையதே. எல்லா உயரத்தையும் ஒரே விகிதத்தில் குறைப்பதால் உச்சி இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஆளுக்கு ஆள் ஆகும் செலவு இதிலிருந்து வேறானது. சீட்டு வாங்கிய ஒவ்வொருவருக்கும் தேநீரும் வடையும் கொடுப்பதாக முடிவுசெய்து, அதற்கு ஆளுக்கு 50 ரூபாய் ஆகிறது என்று எடுத்துக்கொள்வோம். இப்போது கையில் மிஞ்சுவது (p − 50)(780 − 1.2p). பூச்சியமாகும் இடங்கள் 50உம் 650உம்; நடு 350. செலவு 50 ரூபாய் ஏற, விலை 25 ரூபாயே ஏறவேண்டும். முழு 50 ரூபாயையும் சீட்டில் ஏற்றி 375 ஆக்கினால் மிஞ்சுவது 107,250 ரூபாய், ஒரு சதமும் ஏற்றாமல் 325இல் விட்டாலும் அதே 107,250 ரூபாய்தான், 350இல் 108,000. பாதியை வருவோரும் பாதியை நீங்களும் சுமப்பதே இலாபம் என்பதைக் கடைக்காரர் எவரும் எளிதில் ஏற்பதில்லை என்பதை நான் அறிவேன்.

1838ஆம் ஆண்டிலேயே கூர்னோ என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர், தன் நிலத்தில் ஊற்றெடுக்கும் மருத்துவ நீரைச் செலவின்றி விற்கும் ஒருவரை எடுத்துக்கொண்டு இந்த வகைக் கணக்கைத் தொடங்கினார். திறந்த மைதானத்தில் நடக்கும் கூத்தும் அந்த ஊற்றைப் போன்றதே. இன்னும் ஒருவர் வந்து அமர்வதால் உங்களுக்குச் செலவு எதுவும் ஏறுவதில்லை.

முள்ளியவளை கரப்பந்தாட்டக்காரன்

ஆசிரியை அவர்களே, எமது கழகம் நடத்தும் கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டிக்கும் இதைப் பயன்படுத்தலாமா? அணிக்கு 2,000 ரூபாய் அறவிட்டபோது 16 அணிகள் வந்தன. 3,000 ஆக்கினால் 12 வரும் என்று நினைக்கிறோம். உச்ச விலை என்ன?

வவுனியா ஓய்வுநிலை ஆசிரியை

தம்பி, 12 என்பது நடந்தது அல்ல, நீங்கள் நினைப்பது. அதை நம்பினால் கோடு 24 − 0.004p என்றாகும், உச்சி 3,000 ரூபாயில் வரும், பணம் 36,000 ஆகும். ஆனால் விலகல் முறைப் போட்டிக்கு 8 அல்லது 16 அணிகள் இருந்தால்தான் அட்டவணை ஒழுங்காக அமையும். அத்தோடு ஒரு பெயர்பெற்ற அணி விலகினால் அதைக் கண்டு இன்னும் மூன்று அணிகள் விலகும். நானூறு பேரில் ஒருவர் வராததும் பன்னிரண்டு அணிகளில் ஒன்று வராததும் ஒன்றல்ல. கழகங்களுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்பதே உங்களுக்கு ஏற்ற வழி.

இரணைமடு கமக்காரன்

எல்லாரும் எழுதியதை வாசித்தேன். செயலாளர் தம்பி ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார் போலத் தெரிகிறது. நான் இரண்டு கூத்துக்கும் வந்தவன். 200 ரூபாய்க் கூத்து பங்குனி மாதத்தில், காலபோக அறுவடை முடிந்து நெல் விற்ற கையோடு நடந்தது. 300 ரூபாய்க் கூத்து ஆவணி கடைசியில் நடந்தது. குளத்து நீர் கிடைத்துச் சிறுபோகம் செய்தவர்களுக்கு அப்போது வயலில் வேலை. மானாவாரிக்காரர்களின் கையில் அடுத்த விதைப்புக்கு உழவுக் கூலி கொடுக்கவே பணம் இல்லை. பங்குனியில் எமது அயலிலிருந்து இரண்டு உழவு இயந்திரப் பெட்டி நிறைய ஆட்கள் வந்தோம். ஆவணியில் நானும் மகனும் மோட்டார்ச் சைக்கிளில் வந்தோம். விலை 200ஆகவே இருந்திருந்தாலும் ஆவணியில் 540 பேர் வந்திருக்க மாட்டார்கள். குறைந்த 120 பேரையும் விலையின் கணக்கில் எழுதுவது எவ்வாறு சரியாகும்?

தருமபுரம் வாசகசாலைச் செயலாளர்

ஐயா கூறுவது உண்மை. மாதம் வேறு என்பது இக்கணக்கில் இவ்வளவு முக்கியமாகும் என்று நாங்கள் எண்ணவில்லை.

வவுனியா ஓய்வுநிலை ஆசிரியை

கமக்கார ஐயா தொட்டது கணக்கின் அத்திவாரத்தை. இரண்டு புள்ளிகளுக்கு ஊடாக எப்போதும் ஒரு கோடு வரையலாம். அந்தக் கோடு விலையினால் மட்டும் ஆனதா என்பதைப் புள்ளிகள் சொல்லமாட்டா. அவர் சொல்வது எவ்வளவு தூரம் பாதிக்கும் என்று பார்த்தேன். குறைந்த 120 பேரில் சரிபாதி, 60 பேர், பருவத்தினால் வராதவர்கள் என்று வைப்போம். அப்படியானால் பங்குனியில் 300 ரூபாய்க்கு 480 பேர் வந்திருப்பார்கள். ஒரு ரூபாய்க்கு 0.6 பேரே விலகுகிறார்கள். கோடு 660 − 0.6p ஆகிறது. ஒருவரும் வராத விலை 1,100 ரூபாய், உச்ச விலை 550 ரூபாய்.

அறுபது பேரைப் பற்றிய எமது கருத்து மாறியதும் உச்சி 325இலிருந்து 550க்குத் தாவிவிட்டது. உச்சியை அண்டிய இடம் தட்டை என்று முன்னர் எழுதினேன்; அது கோடு சரியாகத் தெரிந்தபின் செல்லும் கூற்று. கோட்டின் படித்திறனே ஐயமானால் அந்தத் தட்டைத்தன்மை காப்பாற்றாது. இன்னொன்று, 325 என்பது நீங்கள் விற்றுப் பார்த்த 300க்கு அருகில் உள்ளது, 550 அவ்வாறன்று. அந்த விலையில் ஊர் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதற்கு எவரிடமும் சான்று இல்லை, கோட்டை நீட்டி வரைந்த துணிச்சல் மட்டுமே உண்டு.

முறிகண்டி வணிகன்

அப்படியானால் நான் சொன்ன 500 பிழையில்லை என்றாகிறதே!

வவுனியா ஓய்வுநிலை ஆசிரியை

பிழை என்று இனி உறுதியாகச் சொல்ல முடியாது, ஐயா. சரி என்று சொல்லவும் முடியாது. நீங்கள் அதற்குக் கூறிய காரணம் மட்டும் இன்னும் பிழையே.

தருமபுரம் வாசகசாலைச் செயலாளர்

ஒரு புதிய தகவலும் உண்டு. பங்குனியில் பாடசாலை மைதானம் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு ஒதுக்கப்பட்டிருப்பதால் எமக்குக் கிடைக்காது. மண்டபம் ஒன்றைக் கேட்டுள்ளோம். அதில் 330 கதிரைகளே போடலாம். கூத்து இரவிரவாக நடப்பது. ஒரே நாளில் இரண்டு தடவை ஆடக் கலைஞர்கள் ஒருபோதும் இணங்கார். இதனால் கணக்கு மாறுமா?

வவுனியா ஓய்வுநிலை ஆசிரியை

மாறும், உங்கள் முடிவும் இலகுவாகும். 330 கதிரைகள் என்றால், அதற்கு மேல் எத்தனை பேர் விரும்பினாலும் நீங்கள் விற்பது 330 சீட்டுகளே. முதற் கோட்டின்படி 325 ரூபாயில் 390 பேர் வருவார்கள். 60 பேர் வாசலோடு திரும்புவார்கள், சேர்வது 107,250 ரூபாய். சரியாக 330 பேர் விரும்பும் விலை 375. அதில் 123,750 ரூபாய் சேரும். 375 வரை மண்டபம் நிறைந்தே இருப்பதால் விலையோடு பணமும் நேர்கோட்டில் ஏறுகிறது. அதற்கு மேல் பரவளைவின் இறங்கு பக்கம் தொடங்குகிறது. இங்கே உச்சம் இரண்டும் சந்திக்கும் மூலையில் உள்ளது, பரவளைவின் உச்சியில் இல்லை. இந்த மூலையைப் பார்க்காமல் −b/2a என்று சூத்திரத்தை மட்டும் இடுபவர் 16,500 ரூபாயைக் கைவிடுவார்.

கமக்கார ஐயாவின் இரண்டாவது கோட்டை எடுத்தாலும் 375 ரூபாயில் மண்டபம் நிறைந்துவிடும். ஆகவே எந்தக் கோடு மெய்யானாலும் 375க்குக் கீழே செல்வதில் பணம் இல்லை. இனி 400 வைப்பதைப் பாருங்கள். முதற் கோடு மெய்யானால் 300 பேர் வந்து 120,000 கிடைக்கும், அதாவது 3,750 ரூபாய் இழப்பு. இரண்டாவது கோடு மெய்யானால் மண்டபம் நிறைந்து 132,000 கிடைக்கும், அதாவது 8,250 ரூபாய் ஆதாயம். எது மெய் என்று தெரியாதபோது 400ஐ நோக்கிச் சாய்வதே பொருத்தம் என்பது என் கருத்து.

விசுவமடு தாய்

நான் கணக்கில் குறை காணவில்லை. ஆனால் ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 400 ரூபாய்ச் சீட்டு என்றால் 2,000 ரூபாய். நாங்கள் ஒருவரை விட்டு நால்வராக வருவதில்லை. வந்தால் ஐவரும் வருவோம், இல்லையேல் ஒருவரும் வருவதில்லை. ரூபாய்க்கு ஒருவராகச் சீராகக் குறைவார்கள் என்ற எண்ணம் குடும்பங்களுக்குப் பொருந்துமா? பிள்ளைகளுக்கு அரை விலை வைக்கக் கூடாதா?

வவுனியா ஓய்வுநிலை ஆசிரியை

ஒரு வீடு மொத்தமாக விலகினாலும், நூறு வீடுகளின் எல்லை விலைகள் வெவ்வேறாக இருப்பதால் ஊரளவில் குறைவு ஓரளவு சீராகவே தெரியும். ஆனால் 2,000 ரூபாய் போன்ற முழுத் தொகையில் பல வீடுகள் ஒன்றாக நின்றுவிட்டால் கோடு அங்கே படிபோல் இறங்கும். அப்படி நடக்குமா என்பதை நான் வவுனியாவில் இருந்து சொல்ல இயலாது. பிள்ளைகளுக்கு அரை விலை என்பதில் இடர் ஒன்று உண்டு: மண்டபம் நிறையும் நிலையில், அரை விலையில் அமரும் பிள்ளை ஒரு முழு விலைக் கதிரையை எடுத்துக்கொள்கிறது.

இரணைமடு கமக்காரன்

பிள்ளைகளுக்குக் கதிரை எதற்கு? மேடைக்கு முன்னால் படங்கு விரித்து விட்டால் அவர்கள் அதில் இருந்து பார்ப்பார்கள், நித்திரை வந்தால் அதிலேயே படுப்பார்கள். எந்தக் கூத்தில் பிள்ளைகள் கதிரையில் இருந்தார்கள்?

தருமபுரம் வாசகசாலைச் செயலாளர்

படங்கு எம்மிடமே உண்டு, அதற்குச் செலவும் இல்லை. கதிரைக்கு 400, படங்குக்கு 150 என்று குழுவிடம் முன்வைக்கிறேன். 400 ரூபாய் கொடுக்கக் கூடிய பெரியவர்களும் படங்குச் சீட்டை வாங்கிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் என் அச்சம்.

வவுனியா ஓய்வுநிலை ஆசிரியை

அச்சம் நியாயமானது. இரண்டு விலைகள் ஒன்றையொன்று இழுக்கத் தொடங்கினால் ஒரு பரவளைவில் அதை அடக்க முடியாது. படங்கைப் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோருக்கு மட்டும் என்று சீட்டிலேயே அச்சிட்டுவிடுங்கள். விற்பனை எந்த நாளில் முடிந்தது, எத்தனை பேர் சீட்டு இல்லாமல் திரும்பினார்கள் என்பதையும் ஒருவர் குறித்து வைக்கட்டும். ஒரு கிழமைக்கு முன்னரே கதிரைகள் விற்றுத் தீர்ந்தால் 400 குறைவு என்று அறிந்துகொள்ளலாம்; அன்று மாலை முப்பது கதிரைகள் வெறுமையாகக் கிடந்தால் முதற் கோடு சரியாக இருந்திருக்கலாம்.

முறிகண்டி வணிகன்

சீட்டுகளை இரண்டு நிறத்தில் அடியுங்கள். அடித்துண்டு எண்ணும்போது கலந்துபோகாது. கடைசி நாளில் மிஞ்சும் சீட்டுகளை 300க்குத் தள்ளிவிடும் எண்ணம் இருந்தால் அதை எவருக்கும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். தெரிந்தால் எல்லாரும் கடைசி நாள் வரை காத்திருப்பார்கள். இது எனக்குக் கடையில் தெரிந்த கணக்கு.

தருமபுரம் வாசகசாலைச் செயலாளர்

கதிரைக்கு மஞ்சள், படங்குக்கு வெள்ளை. ஞாயிற்றுக்கிழமை குழு கூடுகிறது. கடைசி நாள் விலைக்குறைப்புப் பற்றி அங்கே இரு கருத்து இருக்கும் என்பது நிச்சயம். ஆசிரியையின் கருத்தையும் அறிய விரும்புகிறேன்.